கழற்றாத கடிகாரத்துக்கு அடியில்

ஒரு நாவலின் அட்டைக்காக என்னிடம் வந்த படம் அது. தஞ்சைப் பக்கத்து வயலில் காலை வெயிலில் எடுத்தது. ஒரு விவசாயி இடது கையை நீட்டி நாற்று முடியைப் பிடித்திருக்கிறார். முகம் இல்லை, முழங்கைக்குக் கீழே கை மட்டும்தான். புறங்கை நம்மைப் பார்க்கிறது, கட்டைவிரல் மேலே இருக்கிறது, கீழே சேற்று நீர். அட்டை முழுவதையும் அந்த ஒரு கையே நிறைக்கப்போகிறது. சிக்கல் என்னவென்றால் நாவல் 1950களில் நடக்கிற கதை, கையிலோ ஸ்டீல் செயின் போட்ட வாட்ச். மோதிர விரலில் ஒரு செம்பு மோதிரமும் உண்டு. கதையின் நாயகன் மோதிரத்தை அடகு வைத்துவிட்டவன்.

"அண்ணே, ரெண்டும் இல்லாம வேணும். நடவு முடிஞ்சுபோச்சு, திரும்பப் போய் எடுக்க முடியாது" என்றார் பதிப்பகத்துத் தம்பி.

ஸ்டுடியோக்காரர்கள் இந்த வேலையை டச்சப் என்போம். வாட்சை எடுப்பது என்று சொல்கிறோமே தவிர, வாட்சை எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். போட்டோஷாப்பில் அதைச் சுற்றிக் கோடு போட்டு, அக்கம்பக்கத்திலிருந்து நிரப்பு என்று கட்டளை கொடுத்தால் அது நிரப்பிவிடும். நானும் முதலில் அப்படித்தான் செய்து பார்த்தேன். வாட்ச் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்து நின்றது. விரல் முட்டியின் சுருக்கம் ஒன்றை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, வாட்ச் காத்து வைத்திருந்த வெளிர் தோலின் ஓரம் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. வாட்சைக் கழற்றிய கைதான் தெரிந்ததே தவிர, வாட்சே கட்டாத கை தெரியவில்லை. நாவலுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது கை.

ஆகவே இந்த வேலையில் முதல் கேள்வியை மென்பொருளிடம் கேட்பதில் பயனில்லை, வேலை கொடுத்தவரிடம்தான் கேட்கவேண்டும். கழற்றிய கை வேண்டுமா, கட்டாத கை வேண்டுமா? கைக்களிம்பு விளம்பரத்துக்கு மோதிரத்தை எடுக்கச் சொல்பவருக்கும், ஒரே கதாபாத்திரம் அடுத்த காட்சியில் வாட்ச் இல்லாமல் வரவேண்டும் என்பவருக்கும் பதில் வேறு வேறு. இரண்டாமவருக்கு வெயில் தடம் இருந்தால்தான் பொருந்தும். அதை அழிப்பதுதான் பிழை.

அடுத்து, புகைப்படக்காரரிடம் அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் கேட்டேன். தேர்ந்தெடுத்த ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவை எதற்கு என்று நினைப்பார்கள். ஆனால் தோலுக்கு அந்த மனிதரின் தோலைவிடச் சிறந்த மூலப்பொருள் இல்லை. நாற்பத்து சொச்சம் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் அவர் கையை மேலே தூக்கியிருந்தார். தளர்வான செயின் ஆதலால் வாட்ச் முழங்கைப் பக்கம் இரண்டு விரற்கடை நழுவியிருந்தது. வாட்சின் வழக்கமான இடத்தில் பாதி அதில் திறந்து கிடந்தது. வெளிச்சம் வேறு கோணத்தில் விழுந்ததால் அதை வெட்டி ஒட்ட முடியாது. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லிவிட்டது. அங்கே ஒரு தழும்பு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

வேலையில் கைவைக்கும் முன் வாட்ச் படத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடவேண்டும். 2012இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் இணையதளத்தில் ஒரு படம் இருந்தது. திருச்சபைத் தலைவர் கிரில், 2009இல் நீதித்துறை அமைச்சரோடு பேசிக்கொண்டிருந்தபோது எடுத்தது. அவர் மணிக்கட்டில் இருந்த விலையுயர்ந்த ப்ரெகே கைக்கடிகாரத்தை யாரோ படத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். ஆனால் மெருகேற்றிய மேசையில் அதன் பிம்பம் அப்படியே கிடந்தது. படம் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். திருச்சபை மன்னிப்புக் கேட்டு, பழைய படத்தையே திரும்ப வைத்தது. செய்தியாகவும் ஆவணமாகவும் வைக்கப்படும் படத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நாவல் அட்டை கற்பனைக்கு உடன்பட்ட இடம், அங்கே செய்யலாம். ஆனால் தொழில் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கள் விவசாயியின் கைக்குக் கீழே இருந்த சேற்று நீரில், நாற்றின் பச்சை நிழலுக்கு நடுவே, வெள்ளிச் சிதறல் போல நான்கைந்து புள்ளிகள் நெளிந்தன. வாட்சின் ஸ்டீல்தான் அது. அதை முதலிலேயே எடுத்துவிட்டேன்.

கை சிறியதாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. 1945இல் பெர்லினில் ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடியை ஏற்றும் படத்தை யெவ்கெனி கால்தேய் எடுத்தார். கொடி பிடித்தவரைத் தாங்கி நின்ற அதிகாரியின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் இருப்பதுபோல் தெரிந்தது. கொள்ளையடித்தது என்று பேச்சு வரும் என்பதால் வலது கையில் இருந்ததை நெகட்டிவில் ஊசியால் சுரண்டி எடுத்தார். அந்தப் படத்தில் மணிக்கட்டு ஒரு கடுகளவு. அங்கே தோல் என்று ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. எங்கள் படத்திலோ மணிக்கட்டின் அகலம் 900 பிக்சல். ஒரு சென்டிமீட்டருக்கு 150 பிக்சல் என்றால் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும்.

கையின் ஓரக்கோட்டிலிருந்து தொடங்கினேன். செயின் கையைவிட இரண்டு பக்கமும் சற்றுத் துருத்தி நிற்கும். அதை எடுத்ததும் கையின் விளிம்பு அந்த இடத்தில் காணாமல் போகும். மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடு இழுத்தால் கை குழாய் மாதிரி ஆகிவிடும். மணிக்கட்டு நேராக இருப்பதில்லை. புறங்கையிலிருந்து ஒடுங்கி, சுண்டுவிரல் பக்கத்தில் எலும்பு முண்டு ஒன்று எழும்பி, அதைத் தாண்டி மெல்லிதாக உள்வாங்கி, பிறகு முன்கையின் சதை தொடங்கும். உங்கள் கையையே திருப்பிப் பாருங்கள், அந்த முண்டு தெரியும். வாட்சின் செயின் பெரும்பாலும் அந்த முண்டுக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே எடுத்த இடத்தில் வரவேண்டியது ஒரு பள்ளம். பின்னணிச் சேற்று நீரை ஒரு லேயரில் சரிசெய்து, கையை அதன்மேல் தனி லேயரில் வைத்துக்கொண்டால் விளிம்பைப் பிறகும் நகர்த்தலாம்.

அதற்கடுத்து வெளிச்சம். தோலின் நுணுக்கத்துக்குப் போகுமுன் அந்த இடம் உருண்டையாகத் தெரியவேண்டும். சூரியன் படத்தின் இடது மேல் மூலையில். கட்டைவிரல் பக்க விளிம்பு பளிச்சென்று இருக்கிறது. நடுவில் மெல்ல மங்கி, சுண்டுவிரல் பக்கம் இருட்டாகி, அடி விளிம்பில் மட்டும் சேற்று நீரிலிருந்து திரும்பும் வெளிச்சம் ஒரு மெல்லிய கீற்றாக ஓடுகிறது. அந்தக் கீற்று வாட்சுக்கு இரண்டு பக்கமும் இருந்து நடுவில் அறுந்தால் கை இரண்டு துண்டாகத் தெரியும். எவ்வளவு நல்ல தோலை ஒட்டினாலும் அந்த உடைப்பு மறையாது.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். தோல் வேலைக்கென்று ஹீலிங் பிரஷ் ஒன்று உண்டு, 2002இல் வந்த போட்டோஷாப் 7இலிருந்து. நல்ல இடத்திலிருந்து தோலின் நுணுக்கத்தை மட்டும் எடுத்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டுகிற இடத்தின் ஓரங்களிலிருந்து கற்றுக்கொண்டு கலந்துவிடும். பருவையும் மச்சத்தையும் எடுக்க இதைவிட வசதி இல்லை. ஆனால் ஓரத்தில் ஸ்டீல் செயின் இருந்தால் அது ஸ்டீலின் நிறத்தையே கற்றுக்கொள்கிறது. வாட்சின் கருப்பும் வெள்ளையும் தோலுக்குள் மை போல ஊறி வரும். மேலே சொன்ன ஊதாச் சாம்பல் பட்டையும் அதேபோல ஊறியதுதான். அதனால் முதலில் குளோன் ஸ்டாம்ப்பால், அதாவது எடுத்ததை அப்படியே ஒட்டும் கருவியால், வாட்சின் ஓரத்தை முழுக்க மூடிவிடவேண்டும். அழகாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, உலோகத்தின் துளி மிச்சம் இல்லாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகுதான் ஹீலிங் பிரஷ்.

இன்னொரு வழியும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. படத்தை இரண்டாகப் பிரிப்பது: ஒன்றில் நிறமும் வெளிச்சமும், மற்றொன்றில் துளை, ரேகை, மயிர் ஆகிய நுணுக்கம் மட்டும். படத்தை இரண்டு பிரதி எடுத்து, அடியில் உள்ளதை மங்கலாக்கவேண்டும். எங்கள் படத்துக்கு 10 பிக்சல் மங்கல் போதுமானதாக இருந்தது. தோல் துளைகள் மறைந்து கையின் உருட்சி மட்டும் மிஞ்சுகிற அளவு அது. மேல் பிரதியிலிருந்து அடிப் பிரதியைக் கழிக்க Apply Image பெட்டியில் Subtract, Scale 2, Offset 128 என்று கொடுத்து, அந்த லேயரை Linear Light என்று மாற்றினால் இரண்டும் சேர்ந்து பழைய படமே தெரியும். இனி கீழ் லேயரில் மெத்தென்ற பிரஷ்ஷால் வெளிச்சத்தை மட்டும் தீட்டலாம், மேல் லேயரில் தோலின் நெசவை மட்டும் ஒட்டலாம். ஒன்று கெட்டால் மற்றது கெடாது.

வெளிச்சம் அமைந்ததும் வெயில் தடத்துக்கு வந்தேன். இந்த வேலையின் பாதி நேரம் இதற்குத்தான் போனது.

வாட்சின் ஓரத்தில் மூன்று வகைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்றும் கருப்பும் வெளுப்புமாக ஒரே மாதிரிதான் தோன்றும். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவது வாட்சின் நிழல். வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் அது விழும். சூரியன் இடது மேலே இருந்ததால் எங்கள் படத்தில் வாட்சுக்கு வலப்புறம், முழங்கையை நோக்கிய பக்கம் மட்டும் இருந்தது. இரண்டாவது அழுத்தத் தடம். செயின் தோலில் பதிந்த பள்ளம் அது. பள்ளமாதலால் அதன் ஒரு சரிவு இருட்டாகவும் எதிர்ச்சரிவு வெளிச்சமாகவும் இருக்கும். இருட்டும் வெளிச்சமும் ஜோடியாக வந்தால் அது அழுத்தம் என்று கொள்ளலாம். மூன்றாவதுதான் வெயில் தடம். அது இரண்டு பக்கமும் இருக்கும், மேடுபள்ளம் இருக்காது, நிறம் மட்டும் மாறும். நிழலை வெளிச்சம் கூட்டி எடுக்கவேண்டும். அழுத்தத்தை இருட்டுச் சரிவை ஏற்றி, வெளிச்சச் சரிவை இறக்கிச் சமன் செய்யவேண்டும். வெயில் தடத்துக்கு நிறத்தை மாற்றவேண்டும். நிழலை வெயில் கறுப்பு என்று நினைத்துப் பூசினால் வாட்ச் இல்லாத கையில் வாட்சின் நிழல் மட்டும் நிற்கும்.

வெயில் தடத்தின் ஓரம் பேனாவால் கிழித்த கோடு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறோம். இறுக்கமான தோல் பட்டை கட்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்கள் விவசாயியின் செயின் தளர்வானது, நாளெல்லாம் ஏறி இறங்கும். ஆகவே கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறுவதற்கு ஏறக்குறைய 100 பிக்சல் தூரம் எடுத்துக்கொண்டது. டயல் மூடிய இடம் வட்டமாக நன்றாகவே வெளுத்திருந்தது. செயின் போன இடம் அவ்வளவு இல்லை, கண்ணிகளின் இடுக்கு வழியே வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மணிக்கட்டைச் சுற்றி உள்பக்கம் போகப்போகத் தடம் மங்கிக்கொண்டே போனது. உள்பக்கத் தோலில் வெயில் குறைவாகத்தானே படும்! சுற்றிலும் ஒரே அளவு கறுப்பைப் பூசியிருந்தால் சுண்டுவிரல் பக்க விளிம்பு வளையம் போட்டதுபோல் கருத்துத் தெரிந்திருக்கும்.

சரி, வெளுத்த தோலை எப்படிக் கறுக்கச் செய்வது? வெளிச்சத்தைக் குறைத்தால் ஆகாதா? ஆகாது. எண்களாகச் சொன்னால் எளிதாகப் புரியும். திரையில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் அளவு. வெளுத்த இடத்தில் நான் அளந்தபோது சிவப்பு 176, பச்சை 132, நீலம் 104. அதே வெளிச்சம் விழும் கறுத்த இடத்தில் 128, 86, 62. சிவப்பு சுமார் 27 சதவீதம் குறைந்திருக்கிறது, பச்சை 35 சதவீதம், நீலம் 40 சதவீதம். மூன்றும் ஒரே விகிதத்தில் குறையவில்லை. தோலைக் கறுக்கச் செய்யும் மெலனின் என்ற நிறமி, நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்குகிறது. சிவப்பைக் குறைவாக விழுங்குகிறது. அதனால்தான் வெயிலில் கறுத்த தோல் வெறும் இருட்டாகத் தெரியாமல் செம்மை கலந்து தெரிகிறது. மூன்றையும் ஒரே அளவாக, 32 சதவீதம் குறைத்துப் பார்த்தால் 120, 90, 71 வரும். இருட்டு சரியாகத்தான் இருக்கும், ஆனால் சாம்பல் பூத்தமாதிரி, உயிரற்ற கைபோல ஆகிவிடும். நம்மவர் தோலில் செய்யப்படும் டச்சப் பலவற்றில் தெரியும் அந்தச் சாம்பல் இதனால் வருவதுதான்.

ஆகவே Curves என்ற வளைகோட்டுக் கருவியில் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக இறக்கம் கொடுத்தேன்: நீலத்துக்கு அதிகம், பச்சைக்கு நடுத்தரம், சிவப்புக்குக் குறைவு. அதை ஒரு மாஸ்க்கால் மூடிவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். வெளுத்த இடத்தையும் கறுத்த இடத்தையும் அளக்கும்போது இரண்டும் கையின் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். மேல் விளிம்பில் ஒன்றும் கீழ் விளிம்பில் ஒன்றும் அளந்தால் வெளிச்ச வித்தியாசமும் கணக்கில் சேர்ந்து எண்கள் பொய் சொல்லும்.

வளையல் வேலையில் இதே தொல்லை இன்னும் நுணுக்கமாக வரும். அடுக்கு வளையல்களின் இடுக்கில் தோல் கீற்றுக்கீற்றாகத் தெரிகிறதே, அதை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை வரும். நெசவு உண்மையானதுதான். ஆனால் வெளிச்சம் அந்தக் கைக்கு உரியது இல்லை. இரண்டு வளையல்களின் நிழலுக்கு நடுவே அது அமிழ்ந்திருக்கும். கண்ணாடி வளையலானால் வெயில் அதை ஊடுருவி, சிவப்போ பச்சையோ தோலில் சாயமாக விழுந்திருக்கும். தங்க வளையலானால் பிறை போன்ற பளிச்சென்ற மஞ்சள் கோடுகள் வளையலைவிட்டுத் தள்ளி, முன்கைமேல்கூட விழுந்திருக்கும். வளையலை எடுத்துவிட்டு அந்தப் பிறைகளை மறந்தவர்கள் நிறையப் பேர். நெசவை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தையும் சாயத்தையும் புதிதாகத் தீட்டுவதே வழி. மேலே சொன்ன இரண்டாகப் பிரிக்கும் முறை இங்கேதான் மிகவும் உதவும்.

இப்போது தோலின் நெசவு. முன்கைத் தோலும் புறங்கைத் தோலும் ஒன்றல்ல. முன்கையில் மயிர் உண்டு, பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். புறங்கைத் தோலில் சின்னச் சின்னச் சாய்சதுரங்களாக வலை பின்னியதுபோலக் கோடுகள். மணிக்கட்டில் ஒன்று தேய்ந்து மற்றது தொடங்கும். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் தோலை எடுத்து, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று மேவும்படி வைத்து, மாஸ்க்கால் கரைத்தேன். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டக்கூடாது. ஒரே மச்சம், ஒரே மயிர் வளைவு இரண்டு இடத்தில் வந்தால் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

மடிப்புகளை ஒட்டுவதைவிட வரைவதே நல்லது. நாற்று முடியைப் பிடித்ததால் அவர் மணிக்கட்டு சற்றுப் பின்னுக்கு வளைந்திருந்தது. அப்படி வளைந்தால் மணிக்கட்டின் மேல்பக்கத்தில் குறுக்கே ஒன்றிரண்டு மடிப்பு விழும். படத்தில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு மடிப்பு தொடங்கி வாட்சுக்கு அடியில் மறைந்தன. மறுபக்கம் ஒன்றுதான் வெளியே வந்தது. அப்படியென்றால் இரண்டில் ஒன்று வாட்சுக்கு அடியிலேயே கரைந்திருக்கவேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும். வாட்ச் நழுவிய படத்தைப் பார்த்தேன். அங்கே மணிக்கட்டு நேராக இருந்ததால் மடிப்பு இல்லை, ஆனால் அது விழும் வழியில் மெல்லிய ரேகை மட்டும் தெரிந்தது. மேலேயுள்ள ரேகை நடுவில் கிளைவிட்டுத் தேய்ந்தது. அதைப் பின்பற்றினேன்.

மடிப்பு என்பது கோடு அல்ல, ஒரு சிறு வாய்க்கால். அதன் ஒரு கரையில் வெளிச்சம் படும், ஒரு கரை இருட்டாக இருக்கும். வெறும் கருப்புக் கோடாக வரைந்தால் தோல்மேல் கிடக்கும் மயிர் மாதிரி தெரியும். 50 சதவீதச் சாம்பலால் நிரப்பிய லேயரை Soft Light என்று வைத்து, அதில் 3 முதல் 5 சதவீத அழுத்தத்தில் கருப்பாலும் வெள்ளையாலும் மாறி மாறித் தீட்டினேன். ஒரே இழுப்பில் இல்லை. நடுவில் ஆழமாக, ஓரங்களில் தேய்ந்து, இரண்டொரு இடத்தில் அறுந்து. இந்தப் படத்தில் வெளிச்சம் மேலிருந்து இடதாக வருகிறது, ஆகவே இருட்டு எந்தக் கரைக்கு, பளபளப்பு எந்தக் கரைக்கு என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இதனால்தான் வலது கையைத் திருப்பி இடது கையாக ஒட்டும் குறுக்குவழி தோற்றுப்போகிறது. படத்தைத் திருப்பினால் வெளிச்சமும் திரும்பிவிடும். பள்ளங்கள் எல்லாம் மேடாகத் தெரியும். எங்கே பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ வீங்கியதுபோல் இருக்கிறது என்று பார்ப்பவர் சொல்வார்.

மோதிரம் சின்னதுதான், ஆனால் அதற்கென்று தனிக் குறும்புகள் உண்டு. பல வருடம் போட்ட மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருக்கும், அடியில் விரல் உள்வாங்கியிருக்கும். மோதிரத்தை மட்டும் எடுத்துத் தோலை நிரப்பினால் விரலுக்கு இடுப்பு வந்துவிடும், உடுக்கை மாதிரி. Liquify என்ற நெளிக்கும் கருவியால் உள்வாங்கிய இடத்தை நான்கைந்து பிக்சல் வெளியே தள்ளி, பிதுங்கிய சதையைக் கொஞ்சம் அமுக்கினேன். முழுதும் சமமாக்கவில்லை, விரலும் குழாய் அல்ல. செம்பு ஆதலால் தோலில் இலேசான பச்சைக் கறை வேறு. வியர்வையோடு செம்பு சேர்ந்தால் அப்படிக் கறை படியும். மோதிரத்தின் ஓரத்தில் நின்ற அந்தப் பச்சையை நிழலென்று முதலில் விட்டுவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தோலை எங்கிருந்து எடுப்பது? பக்கத்து விரலின் அதே கணுவிலிருந்துதான். விரலின் மேல்பக்கத்தில், முட்டிக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே தோல் ஏறக்குறையச் சமமாக, இரண்டொரு மயிரோடு இருக்கும். கணுவின்மேல்தான் குறுக்குச் சுருக்கங்கள். அந்தச் சுருக்கத்தில் ஒரு துளி தவறிப்போய் மோதிரம் இருந்த இடத்துக்கு வந்தாலும் அந்த விரலுக்கு ஒரு கணு கூடிவிடும். விரல் மடங்கியிருந்தால் சுருக்கம் விரிந்து மறைந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. நீட்டிய விரலின் தோல் மடங்கிய விரலுக்கு ஆகாது. பிடித்திருந்த கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒரே அளவு மடங்கியிருந்தது என் அதிர்ஷ்டம்.

முடித்தபின் சரிபார்க்க எனக்கு மூன்று பழக்கம். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். கை உடைந்திருந்தால் சின்னதில்தான் தெரியும். இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படம். பிறகு 100 சதவீத அளவில் வைத்து, கேமராவின் மணல்போன்ற நெருநெருப்பு புதிதாகத் தீட்டிய இடத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிரஷ் தீட்டிய இடத்தில் அது இருக்காது, பிளாஸ்டிக் போல வழுவழுவென்றிருக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் மணலைத் தூவவேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஆயிற்று.

தழும்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அட்டைக்கான படத்தில் வாட்சின் ஓரத்திலிருந்து கட்டைவிரல் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெளிர் கோடு ஒன்று தெரிந்தது. கதிர் அரிவாள் வெட்டு என்று புகைப்படக்காரர் சொன்னார். நான் முதலில் அதை வெயில் தடத்தின் சிதறல் என்று எண்ணி அழிக்கப் பார்த்தேன். வாட்ச் நழுவிய படத்தில் அது முழுதாக இருந்தது. மூன்று சென்டிமீட்டர் நீளம், நடுவில் தையல் போட்ட புள்ளிகள் இரண்டு பக்கமும், டயல் இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் வளைந்து முடிகிறது. தழும்புத் தோல் சுற்றியுள்ள தோலைப்போலக் கறுக்காது. அதில் மயிர் முளைக்காது, சாய்சதுர வலையும் ஓடாது, கொஞ்சம் மினுமினுக்கும்.

பதிப்பகத்துத் தம்பிக்குப் போன் செய்தேன். "தழும்பு ஒண்ணு இருக்கு தம்பி, வாட்சுக்கு அடியில போகுது. எடுத்துடவா, வச்சுக்கவா?"

"அது அவர் கைதானே அண்ணே. இருக்கட்டும்."

நழுவிய படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, வெளியே தெரிந்த ஒரு சென்டிமீட்டரிலிருந்து தொடங்கி மீதி இரண்டையும் வரைந்தேன். தையல் புள்ளிகள் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நான்கு. அதை ஐந்தும் ஐந்துமாக ஆக்கவில்லை.